பார்வை தெளிந்துவிட்டது, கண் இன்னும் ஆறவில்லை

கண்புரை அறுவை முடிந்த மறுநாள் கட்டைப் பிரித்ததும் பலருக்குப் பார்வை பளிச்சென்று வந்துவிடுகிறது. ராசிபுரம், எடப்பாடிப் பக்கத்தில் காட்டுவேலைக்கும் கோழிப்பண்ணைக்கும் போகிறவர்களுக்கு ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. நன்றாகத் தெரிகிறதே என்று நான்காம் நாளே சொட்டு மருந்தை நிறுத்திவிட்டுத் தூசிக்குள் இறங்குகிறார்கள். ஆனால் பார்வை தெளிவது வேறு, கண் ஆறுவது வேறு. பழைய லென்ஸை எடுத்துப் புதியதை வைக்கும் சிறு வெட்டுக்குப் பெரும்பாலும் தையல் போடுவதில்லை. கண்ணின் உள்ளழுத்தமே அதை மூடி வைக்கிறது. அது உறுதிப்படச் சில வாரங்கள் ஆகும்.

அறுவையையொட்டிச் செய்வதில் பெரும்பகுதி கிருமியைத் தடுப்பதை மையமாகக் கொண்டது. கிருமி பெரும்பாலும் நோயாளியின் இமையிலிருந்தும் இமைமுடியிலிருந்துமே வருகிறது. அதனால்தான் முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடச் சொல்கிறார்கள், மேசையில் பழுப்பு நிற அயோடின் மருந்தைக் கண்ணில் விடுகிறார்கள். பாப்பாவை விரிக்கும் சொட்டுகளை அதற்கு முன்பே சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப விடுவார்கள். பட்டினி எல்லோருக்கும் ஒன்றல்ல. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யும்போது பல இடங்களில் இலேசான உணவுக்குத் தடையில்லை. முழு மயக்கம் என்றால் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை நோயாளி மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். அன்றைய அளவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீர் அடைப்புக்கு டாம்சுலோசின் சாப்பிடுவோர் அதையும் சொல்ல வேண்டும். அது பாப்பாவைச் சுற்றியுள்ள திரையைத் தளர்த்திவிடும்.

அறுவையின்போதே கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்திவிடுகிறார்களே, பிறகு சொட்டு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை அலசி 2017இல் வெளியான ஆய்வில், மாக்சிஃப்ளாக்சசினைக் கண்ணுக்குள் செலுத்தியபோது உட்கண் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது. பெரிய பலன்தான். ஆனாலும் அந்த மருந்து சில மணி நேரத்தில் கண்ணைவிட்டு வெளியேறிவிடும், வாரக்கணக்கில் காவல் நிற்காது. மேலும், 4 முதல் 6 வாரம் வரை விடச் சொல்லும் ஸ்டீராய்டு சொட்டின் வேலை கிருமியைக் கொல்வதல்ல, அழற்சியைத் தணிப்பது. வாரத்துக்கு வாரம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வரச் சொல்வதும் அதற்காகத்தான். திடீரென நிறுத்தினால் கண் மறுபடி சிவந்து வலிக்கலாம்.

சொட்டு விடும்முன் கையைச் சோப்பால் கழுவ வேண்டும். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விட்டால் போதும், குப்பி நுனி கண்ணில் படக்கூடாது. அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் பொறுக்க வேண்டும், இல்லையேல் முதல் சொட்டு கழுவிப்போகும். மருத்துவர் சொல்லும்வரை தலைக்கு ஊற்றுவதும் கண்ணைத் தேய்ப்பதும் தீவன மூட்டை தூக்குவதும் கூடாது. கூலி போகிறதே என்பது உண்மையான கஷ்டம். அதனால், வேலை குறைந்த மாதத்தில் அறுவைக்கு நாள் குறிப்பதே சரியான விடை. அறுவைக்குப் பிறகு வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, தெளிந்த பார்வை மங்கினாலோ, மறுபரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உட்கண் தொற்றில் ஒரு நாள் தாமதம்கூடப் பார்வையைப் பறித்துவிடலாம்.