பாதியில் அறுந்த மழைக்கணக்கு

கொடைக்கானலுக்கு மேற்கே, செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் உள்ள மலைச்சிற்றூர் மன்னவனூர். அவ்வூரின் 2023ஆம் ஆண்டு மழைக்கணக்கை நண்பர் ஒருவர் கோப்பாக அனுப்பி, “ஆண்டு மழை எவ்வளவு?” என்று உங்களைக் கேட்பதாகக் கொள்வோம். நாளுக்கு ஒரு வரி. கடைசி வரியைப் பாருங்கள்:

```
2023-08-01,01
```

மற்ற வரிகளில் மழையளவு `004.2` என்பதுபோல் ஐந்து குறிகளில் இருக்கிறது, இங்கோ இரண்டே. இணைப்பு இடையில் அறுந்துவிட்டது! கணிப்பொறி இதை 1 மில்லிமீட்டர் என்றே படித்துவிடும். உண்மையில் அது `012.4` ஆக இருந்திருக்கலாம்.

சரியாக வரி முடிவில் அறுந்திருந்தால்? கடைசி வரி முழுமையாகத் தோன்றி ஏமாற்றும். ஆகவே வரிகளையும் எண்ணுங்கள். வேண்டியவை 365, முழுதாக வந்தவை 212. வரி முடிவுக் குறியுடன் வரிக்கு 17 பைட்டு. அனுப்பியவரிடம் 6,205 பைட்டு இருக்க, உங்களிடம் 3,617 மட்டுமே இருக்கும்.

வந்த மழையை 365/212ஆல் பெருக்கி ஈடுகட்டலாமா? கூடாது. பழனி மலையில் பெருமழை பெய்வது அக்டோபர், நவம்பரில். அப்பகுதிதான் வரவே இல்லை. விடை மிகக் குறைந்துவிடும்.

எனவே விடைக்கு முன் இப்படி எழுதுங்கள்: “ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை 153 நாள் கணக்கு இல்லை. ஆகஸ்ட் 1 வரி அரைகுறை, அதைச் சேர்க்கவில்லை. கீழுள்ள கூட்டுத்தொகை ஜூலை 31 வரைக்கு மட்டுமே. மீதியை அனுப்பினால் ஆண்டு மழையைச் சொல்லலாம்.”