யூனிட் கணக்கா, நிமிஷக் கணக்கா? மின்சாரக் கார் வைத்திருப்போர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

திருவனந்தபுரம்: தம்பானூரிலிருந்து கரமனை வழியாக நாகர்கோவில் சாலையில் செல்வோருக்கு நேமம் மின்சார போர்டு அலுவலகம் தெரிந்திருக்கும். கேரள மின்சார போர்டு 2020 நவம்பரில் மாநிலத்தில் முதன் முதலாகத் திறந்த கார் சார்ஜிங் நிலையங்களில் நேமம் நிலையமும் ஒன்று. இன்று நகரில் போர்டின் நிலையங்களும் உள்ளன. தனியார் நிலையங்களும் உள்ளன. பெட்ரோல் என்றால் ஊர் முழுவதும் ஏறக்குறைய ஒரே விலை. மின்சாரமோ அப்படியல்ல. இடத்துக்கு இடம் விலை மாறுகிறது. பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை. போதாததற்கு, விலையைச் சொல்லும் முறையே இரண்டு விதம்.

ஒரு முறையில், காருக்குள் ஏறிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குகிறார்கள். இயந்திரத்தின் திரையில் kWh என்று வருவதே வீட்டு மின்சார பில்லில் நாம் காணும் யூனிட். மற்றொரு முறையில், எத்தனை யூனிட் ஏறியது என்பது பொருட்டல்ல. கார் எவ்வளவு நேரம் இணைப்பில் இருந்தது என்பதைப் பார்த்து நிமிஷத்துக்கு இத்தனை என்று வாங்குகிறார்கள்.

கேரளத்தில் யூனிட் கணக்கே வழக்கம். ஆனால் நிமிஷக் கணக்கு நமக்குச் சம்பந்தமில்லாதது என்று தள்ளிவிடுவதற்கில்லை. மலேசியாவில் பல நிலையங்கள் நிமிஷக் கணக்கிலேயே வசூலித்து வந்தன. அங்கே உறவினர் உள்ளவர்கள் இதைக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். நம் ஊரிலும் அது வேறு வேஷத்தில் வருகிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

நிமிஷக் கணக்கு ஏன் வந்தது?

அமெரிக்காவின் சில மாநிலங்களில் யூனிட் கணக்கில் மின்சாரம் விற்கும் உரிமை மின்சாரக் கம்பெனிக்கு மட்டுமே இருந்தது. சார்ஜிங் நிலையம் வைத்தவர் அப்படி விற்றால் சட்டச் சிக்கல். ஆகவே அவர் மின்சாரத்தை விற்கவில்லை, இயந்திரத்தை நேர வாடகைக்கு விடுகிறார் என்ற பெயரில் நிமிஷத்துக்குப் பணம் வாங்கினார்.

நம் நாட்டில் இந்தத் தடை 2018-ல் நீங்கிவிட்டது. காருக்கு மின்னேற்றித் தருவது மின்சார விற்பனை அல்ல, ஒரு சேவையே என்றும், அதற்கு மின்சாரச் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை என்றும் மத்திய மின்துறை அமைச்சகம் அந்த ஆண்டு ஏப்ரலில் விளக்கம் அளித்தது. சேவை என்று ஆனதால் அதற்கு நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வரியும் வந்து சேர்ந்தது.

குழாயும் குடமும்

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் காசு என்று வைத்துக்கொள்வோம். குடத்துக்கு இவ்வளவு என்றால் குழாய் மெதுவாக வந்தாலும் நமக்குப் பண நஷ்டம் இல்லை. நிமிஷத்துக்கு இவ்வளவு என்றால், குழாய் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பதே முக்கியம். குடத்தின் வாய் சிறியதாக இருந்தாலோ, குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

கார் விஷயமும் இதுவேதான். நிலையத்தில் 50 கிலோவாட் என்று எழுதியிருந்தால் அது குழாயின் அளவு. மணிக்கு 50 யூனிட் தரும் சக்தி அதற்கு உண்டு. ஆனால் எவ்வளவு வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது கார்.

2020-ல் வெளிவந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளும். வேக சார்ஜரில் 60 நிமிஷத்தில் 80 சதவீதம் ஏறும் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. அதாவது மணிக்குச் சுமார் 24 யூனிட். 50 கிலோவாட் இயந்திரத்தில் மாட்டினாலும் அதில் பாதிக்குக் கீழேதான் இந்தக் கார் வாங்கிக்கொள்கிறது.

ஒரே கார், இரண்டு பில்

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே வரும் விலைகள் கணக்குப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்டவையே. வரியைப் பிறகு சேர்ப்போம். ஒரு நிலையத்தில் யூனிட்டுக்கு 20 ரூபாய். இன்னொன்றில் நிமிஷத்துக்கு 9 ரூபாய். இரண்டிலும் இருப்பது 50 கிலோவாட் இயந்திரம்.

அவசரக் கணக்குப் போடுபவர் இப்படிச் சொல்வார்: நிமிஷத்துக்கு 9 ரூபாய் என்றால் மணிக்கு 540 ரூபாய். மணிக்கு 50 யூனிட் கிடைக்கிறது. ஆகவே யூனிட் 10 ரூபாய் 80 காசு. ஏறக்குறைய பாதி விலை!

இந்தக் கணக்கை நம்பி, நமது நெக்ஸானை 20 சதவீதத்தில் மாட்டி 80 சதவீதம் வரை ஏற்றுவோம். ஏற வேண்டியது சுமார் 18 யூனிட். மணிக்கு 24 யூனிட் வேகத்தில் 45 நிமிஷம் ஆகும். யூனிட் கணக்கில் பில் 360 ரூபாய். நிமிஷக் கணக்கில் 405 ரூபாய். பாதி விலை என்று நினைத்த இடத்தில் 45 ரூபாய் அதிகம் போயிற்று. அங்கே ஒரு யூனிட்டின் உண்மை விலை 22 ரூபாய் 50 காசு.

இதோடு விடாமல், முழுசாக நிரப்பிக்கொண்டு போகலாம் என்று மேலும் காத்திருந்தால் என்ன ஆகும்? பேட்டரி நிறைய நிறைய, சூடும் அழுத்தமும் எல்லை மீறாமல் இருக்கக் கார் தானாகவே மின்சாரத்தைக் குறைத்து வாங்கும். 80 சதவீதத்துக்கு மேல் இந்த வேகக் குறைவு நன்றாகத் தெரியும். கடைசி 20 சதவீதமான 6 யூனிட் ஏற 40 நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். யூனிட் கணக்கில் அதற்கு 120 ரூபாய். நிமிஷக் கணக்கில் 360 ரூபாய். அதாவது யூனிட் 60 ரூபாய்!

இதற்கு மறுபக்கமும் உண்டு. சராசரி மணிக்கு 50 யூனிட் வாங்கக்கூடிய கார் ஒன்று அதே 18 யூனிட்டை 22 நிமிஷத்தில் ஏற்றிக்கொண்டு 198 ரூபாயோடு புறப்பட்டுவிடும். யூனிட் கணக்கில் அதற்கும் 360 ரூபாய்தான். ஆகவே நிமிஷக் கணக்கு எல்லோருக்கும் நஷ்டம் என்பதில்லை. அது வேகமாக வாங்கும் காருக்கு லாபம், மெதுவாக வாங்கும் காருக்கு நஷ்டம். இதனால்தான் அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனி, நிமிஷக் கணக்கு இருந்த இடங்களில், 60 கிலோவாட்டும் அதற்குக் குறைவாகவும் ஏறும் நேரத்துக்குப் பாதி விலை என்று இரண்டு படிகள் வைத்திருந்தது.

எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கு எளிய வழி இருக்கிறது. நிமிஷ விலையை 60-ஆல் பெருக்கி, யூனிட் விலையால் வகுக்க வேண்டும். நம் உதாரணத்தில் 540-ஐ 20-ஆல் வகுத்தால் 27. கார் சராசரியாக 27 கிலோவாட்டுக்கு மேல் வாங்கினால் நிமிஷக் கணக்கு மலிவு. அதற்குக் கீழே என்றால் யூனிட் கணக்கு மலிவு. ஏறும் வேகம் இயந்திரத்தின் திரையில் kW என்ற எழுத்துடன் ஓடிக்கொண்டே இருக்கும். மாட்டியதும் தெரியும் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

வேஷம் மாறி வரும் நிமிஷக் கணக்கு

யூனிட் விலை மட்டுமே வாங்கும் நிலையத்திலும் நேரத்துக்குப் பணம் போகக்கூடும். வண்டி நிறுத்தும் கட்டணமே அது. மெது சார்ஜரில் மேற்படி நெக்ஸான் மணிக்குச் சுமார் 3.3 யூனிட்தான் வாங்கும். யூனிட் 12 ரூபாய் என்றும், நிறுத்தக் கட்டணம் மணிக்கு 20 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நாலு மணி நேரத்தில் 13 யூனிட் ஏறும். மின்சாரத்துக்கு 156 ரூபாய், இடத்துக்கு 80 ரூபாய், ஆக 236 ரூபாய். யூனிட் 12 ரூபாய் என்று எழுதியிருந்த இடத்தில் உண்மையில் 18 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. அங்கே எப்படியும் வண்டியை நிறுத்த வேண்டியவருக்கு இது கூடுதல் செலவல்ல. சார்ஜுக்காகவே வந்தவருக்கு நஷ்டம்.

நேரம் பற்றி இன்னொரு விஷயம். மத்திய மின்துறை அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைப்படி, சார்ஜிங் நிலையங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் விலை காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சராசரி அடக்க விலையில் 0.7 பங்கும், மற்ற நேரத்தில் 1.3 பங்கும் ஆகும். பகலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைப்பதே காரணம். இது நிலையம் வாங்கும் விலை. அதன்மேல் நிலையத்தாரின் சேவைக் கட்டணமும் வரியும் உண்டு. எனினும் 4 மணிக்கு முன் மாட்டுவதற்கும் பின் மாட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. மூன்றரை மணிக்கு மாட்டி நாலேகாலுக்கு எடுத்தால் பிந்திய பதினைந்து நிமிஷத்துக்கு எந்த விலை போட்டிருக்கிறார்கள் என்பதை ரசீதில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரசீதைச் சரிபார்ப்பது எப்படி?

மாட்டும்போது கார் காட்டும் சதவீதத்தையும், எடுக்கும்போது காட்டும் சதவீதத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். 20-லிருந்து 80 என்றால் 60 சதவீதம். பேட்டரி அளவான 30.2-ல் அது 18.1 யூனிட். ரசீதில் 19 அல்லது 20 யூனிட் இருந்தால் பதற வேண்டாம். பேட்டரியைக் குளிர்விக்கவும், காருக்குள் ஏ.சி. ஓடினால் அதற்கும், சூடாகவும் கொஞ்சம் மின்சாரம் போகும். கால்வாசிக்கு மேல் அதிகம் என்று இரண்டு மூன்று தடவை தொடர்ந்து வந்தால் நிலையத்தாரிடம் கேட்க வேண்டியதுதான். பழைய பேட்டரியின் கொள்ளளவு குறைந்திருக்கும். அதையும் மனதில் வைத்தே கேட்க வேண்டும்.

கடைசியில், பில் தொகை முழுவதையும், வரியும் நிறுத்தக் கட்டணமும் சேர்த்து, அந்த மின்சாரத்தில் ஓடிய கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். மேலே கண்ட 360 ரூபாய் வரியுடன் 424 ரூபாய் 80 காசு. அதில் 120 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 54 காசு. நிமிஷக் கணக்கில் வந்த 405 ரூபாய் வரியுடன் 477 ரூபாய் 90 காசு. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 98 காசு. வாடகைக் கார் ஓட்டுபவர் தினம் 120 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டினால் இந்த 44 காசு 1,300 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஒரு சிறு நோட்டில் தேதி, சதவீதம், நிமிஷம், யூனிட், தொகை, கிலோமீட்டர் என்று ஆறு கட்டம் போட்டு ஒரு மாதம் எழுதி வந்தால், தம் காருக்கு எந்த நிலையம் மலிவு என்பது தானே விளங்கிவிடும்.