பயிற்சி ஆசிரியரின் குறிப்பேட்டை மதிப்பிடுதல்

பி.எட். மாணவர் கற்பித்தல் பயிற்சியின்போது எழுதும் சிந்தனைக் குறிப்பேட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஆழம். ஹாட்டன், ஸ்மித் என்ற இருவர் 1995-இல் இதை நான்கு படிகளாகப் பிரித்தனர்: நடந்ததை வெறுமனே சொல்வது, அதற்குக் காரணம் காட்டுவது, பல கோணங்களில் தனக்குள் வாதிடுவது, சமூகப் பின்னணியோடு சேர்த்துப் பார்ப்பது.

"பின்னக் கூட்டல் நடத்தினேன், பிள்ளைகள் கவனிக்கவில்லை" என்பது முதல் படி. "1/2 + 1/3 = 2/5 என்று பலர் எழுதினார்கள். நான் படம் வரையாமல் விதியை மட்டும் சொன்னதாலா? பகுதி என்றால் என்னவென்றே பிடிபடாததாலா?" என்பது மூன்றாம் படியைத் தொடுகிறது. அனுபவத் தொடர்பும் இதிலேயே இருக்கிறது; பிள்ளைகள் எழுதிய தவறான விடையே சான்று.

மாற்றத் திட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "இனி நன்றாக நடத்துவேன்" என்பதற்கு மதிப்பெண் தர ஒன்றுமில்லை. "வியாழனன்று தாளை ஆறு பங்காக மடித்து அரையையும் மூன்றிலொன்றையும் காட்டுவேன், கடைசி ஐந்து நிமிடம் இரண்டு கணக்கு கொடுப்பேன்" என்றால், செய்தாரா என்பதை அடுத்த வாரக் குறிப்பில் தேடலாம்.

மதிப்பிடுபவரும் ஏமாறுவதுண்டு. தன்னையே கடிந்துகொண்டு உருக்கமாக எழுதினால் ஆழம் போலத் தோன்றும். காரணத்தை ஆராயாதவரை அதுவும் முதல் படிதான்.