எண்ணெய் அளவும் மீற்றர் கணக்கும்

திருகோணமலைக்கு எண்ணெய்த் தீ புதிதல்ல. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்று பல நாள் எரிந்தது. மற்றவை தப்பின, இன்றும் 99 குதங்கள் நிற்கின்றன. சுமார் 850 ஏக்கர் காட்டில் அவற்றை ஒன்றுக்கொன்று எட்ட வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். எண்ணெய்க்கு இடைவெளியே முதல் காவல்.

ஊருக்குள் இருக்கும் எண்ணெய்க் கொள்கலன்களை நாம் அப்படிப் பார்ப்பதில்லை. உபமின்நிலையத்துப் பெரிய மின்மாற்றி ஒவ்வொன்றின் தாங்கியிலும் பல ஆயிரம் லீற்றர் கனிம எண்ணெய் இருக்கிறது. சாதாரணச் சூட்டில் அது தீக்குச்சிக்குப் பற்றாது. ஏறத்தாழ 140 பாகை செல்சியஸைத் தாண்ட வேண்டும். ஆனால் உள்ளே காப்பு உடைந்து மின்வில் எழுந்தால், எண்ணெய் நொடிக்குள் ஐதரசனாகவும் அசற்றிலீனாகவும் சிதைகிறது. அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் போனால் தாங்கி கிழிந்து, எண்ணெய் எரிந்தபடியே வெளியே பாய்கிறது. 2016 மார்ச் 13 இல், நாடு முழுவதும் இருண்ட அன்று, பியகம உபமின்நிலையத்தில் ஒரு மின்மாற்றி வெடித்து எரிந்ததை நாம் கண்டோம்.

விசாரணை முழுமையாக வெளிவந்த நிகழ்வு ஒன்று இலண்டனில் உண்டு. 2025 மார்ச் 20 இரவு 11.21 மணியளவில் நோர்த் ஹைட் உபமின்நிலையத்தில் ஒரு மின்மாற்றி தீப்பற்றியது. மின்கம்பி தாங்கிக்குள் நுழையும் இடத்தில் உள்ள புஷிங் எனும் காப்புக் குழலில் ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணம். எண்ணெய் மாதிரியில் ஈரப்பதம் உயர்ந்திருப்பது 2018 ஜூலையிலேயே தெரிந்தும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. முதலாவது எரியத் தொடங்கி 28 நிமிடங்களில் அருகிலிருந்த மின்மாற்றியும் இயங்காமல் போனது. சுமார் 67,000 இணைப்புகள் இருண்டன. ஹீத்ரோ விமான நிலையம் மறுநாள் பெரும்பகுதி மூடிக் கிடந்தது. அக்கம்பக்கத்தில் சுமார் 150 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். முதல் மின்மாற்றியின் இழப்போடு விடயம் முடியவில்லை. பக்கத்தில் இருந்ததும் விழுந்ததுதான் பெருஞ்சேதத்துக்கு வழிவிட்டது.

எவ்வளவு தூரம் போதும்? ஐ.இ.சி. 61936-1 எனும் சர்வதேச விதி அதை எண்ணெயின் அளவோடு கட்டிப்போடுகிறது. 2,000 முதல் 20,000 லீற்றர் வரை என்றால் அடுத்த மின்மாற்றிக்கோ எரியாத சுவருள்ள கட்டடத்துக்கோ 5 மீற்றர். எரியக்கூடிய கட்டடத்துக்கு 10 மீற்றர். 20,000 லீற்றரைத் தாண்டினால் இரண்டும் இரட்டிப்பாகும்: 10, 20. 45,000 ஐத் தாண்டினால் 15, 30.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மின்மாற்றியின் பெயர்த்தகட்டில் எண்ணெய் பெரும்பாலும் கிலோவில் எழுதப்பட்டிருக்கும். ஒரு லீற்றர் சுமார் 0.88 கிலோ. தகடு 16,000 கிலோ என்றால் ஏறத்தாழ 18,200 லீற்றர். 5 மீற்றர் போதும். தேவை கூடியது என்று அதே மேடையில் 19,000 கிலோ எண்ணெயுள்ள பெரியதை ஏற்றினால் 21,600 லீற்றர். மேடையும் மதிலும் அப்படியே இருக்க, வேண்டிய தூரம் மட்டும் இரட்டிப்பாகிவிடுகிறது. வேலிக்கு வெளியே தகரக் கொட்டிலும் மரக்கூரைக் கடையும் நெருங்கி வந்தாலும் கணக்கு இதேபோல் தவறும்.

தூரம் இல்லாத இடத்தில்தான் தீத்தடுப்புச் சுவர். குறைந்தது ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும்; இந்திய விதி நான்கு மணி நேரம் கேட்கிறது. மின்மாற்றியின் உச்சியில் கிடையாக இருக்கும் எண்ணெய்ச் சேமக்கலனின் தலை வரை உயரவும், கீழே எண்ணெய்க்குழியின் முழு நீளத்துக்கு நீளவும் வேண்டும். தாங்கியின் உயரத்தோடு நின்றுவிட்ட சுவருக்கு மேலாகச் சுவாலை எட்டிப் பார்க்கும். கம்பிகள் கடக்கும் துளைகளை அடைக்காவிட்டால் சுவர் இருந்தும் பயனில்லை.

திருகோணமலைக்கே உரிய ஆபத்துகள் இரண்டு. கடற்காற்றின் உப்பு புஷிங்கின் வெளிப்புறத்தில் படிந்து ஈரமானால் மின்கசிவுப் பாதை திறக்கும். கழுவித் துடைப்பதை ஒத்திவைக்க முடியாது. மற்றது மழை. சரளைக்கல் நிரப்பிய குழி, கொட்டும் எண்ணெயை வாங்கித் தீயை மூச்சடைக்க வைக்கவே இருக்கிறது. டிசம்பர் முதல் பெய்யும் வடகீழ்ப் பருவமழையில் அது நீரால் நிறைந்திருந்தால் எண்ணெய் மேலே மிதக்கும். எரிந்தபடியே வடிகாலில் இறங்கிக் கடலை நோக்கி ஓடும்.

ஆகவே உபமின்நிலையத்துக்கு அருகில் கட்டடம் எழுப்புவோரும் அனுமதி வழங்குவோரும் கேட்க வேண்டியவை மூன்று: தகட்டில் எண்ணெய் எவ்வளவு, இடையில் எத்தனை மீற்றர், டிசம்பரில் குழி வற்றியிருந்ததா. மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் அத்திவாரம் வெட்டாதீர்கள்.