ஐந்தாவது லாரி: ஒரு பரிந்துரைக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் மாதங்களில் கட்டுமான நிறுவனங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "நீயே ஒண்ணு டைப் பண்ணிக் கொண்டாம்மா, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." சொல்பவர் மூத்த பொறியாளர். கேட்டுக்கொள்பவர் சைட் இன்ஜினியராக நான்கைந்து வருடம் வெயிலில் நின்றவர். அவர் ராத்திரி உட்கார்ந்து எழுதுவார். கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவோடு இணைந்து பணியாற்றுபவர் என்று மூன்று பத்தி வரும். கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே இதே சொற்களோடு இன்னும் பல கடிதங்கள் மேசையில் கிடக்கும்.

மூத்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நேரமில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடிதத்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. அவர் செய்த நல்ல வேலையை அருகிலிருந்து பார்த்தவர் மூத்தவர் ஒருவர்தான். தன்னைப் பற்றித் தானே எழுதும்போது அவர் கூச்சத்தில் அடக்கி வாசிப்பார், இல்லையென்றால் பொதுவான புகழ்ச்சிக்குள் ஒளிந்துகொள்வார். தேர்வுக் குழுவுக்குத் தேவைப்படுவதோ பார்த்தவரின் சாட்சியம்.

எதற்கு சாட்சியம்? சைட் இன்ஜினியர், புராஜெக்ட் இன்ஜினியர் ஆகிய பதவிப் பெயர்களும் படிநிலைகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேலையில் உள்ள வேறுபாடு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். சைட் இன்ஜினியர் இன்றைய வேலையை வரைபடப்படி முடிக்கிறார். கம்பி சரியாகக் கட்டியிருக்கிறதா, கவர் பிளாக் வைத்தார்களா, செண்ட்ரிங் மட்டம் சரியா என்று பார்க்கிறார். புராஜெக்ட் இன்ஜினியர் இன்னும் மூன்று வாரம் கழித்து எது தடைப்படும் என்று பார்க்கிறார். பணம், நாள், தரம் மூன்றும் ஒன்றோடொன்று மோதும்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று முடிவு செய்கிறார். கெட்ட செய்தியை மேலே உள்ளவருக்கும் வாடிக்கையாளருக்கும் முதலில் சொல்பவரும் அவர்தான். ஆகவே கடிதம் நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த மேல்பதவி வேலையைச் சிறிய அளவில் இவர் ஏற்கெனவே செய்துவிட்டார்.

இதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டாவது தளத்தின் கூரைக்கு எம்25 கான்கிரீட் போடுகிறார்கள். எம்25 என்றால், 28 நாளில் கான்கிரீட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை பெற வேண்டும். மொத்தம் 40 கன மீட்டர். ஆறு கன மீட்டர் வீதம் ஏழு ரெடிமிக்ஸ் லாரி. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, இந்த அளவுக்கு நான்கு மாதிரி எடுக்கச் சொல்கிறது. ஒவ்வொரு மாதிரியிலும் 15 சென்டிமீட்டர் கியூப்களை வார்த்துத் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். ஏழாம் நாள் சிலவற்றை நசுக்கிப் பார்த்தால் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு வலிமை, அதாவது 16 அல்லது 17 வந்திருக்க வேண்டும்.

மூன்று மாதிரிகளில் அப்படியே வந்தது. ஒன்றில் மட்டும் 13.

இந்த இடத்தில் என்ன நடக்கும் என்பது தளத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். "ஏழு நாள் ரிசல்ட்தானே, 28-இல் ஏறிடும்" என்று யாராவது சொல்வார். செண்ட்ரிங் மேஸ்திரிக்கு அடுத்த தளத்துக்குத் தகடும் முட்டும் வேண்டும். நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள கூரைக்கு 14 நாளில் முட்டு பிரிக்கலாம் என்பது வழக்கமான விதி. அந்த விதி, கான்கிரீட் எதிர்பார்த்தபடி வலிமை ஏறும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. இங்கே அந்த நம்பிக்கைக்குத்தான் ஆதாரம் இல்லை.

நம் இளம் பொறியாளர் அன்று மாலையே மூன்று காரியம் செய்கிறார். முட்டை யாரும் தொடக்கூடாது என்று எழுத்தில் கொடுக்கிறார். மூத்த பொறியாளருக்குப் போன் செய்து எண்ணைச் சொல்கிறார். பிறகு கான்கிரீட் போட்ட அன்றைய பதிவை எடுக்கிறார். எந்த லாரி எத்தனை மணிக்கு வந்தது, அதன் சரக்கு எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் இடையில் கொட்டப்பட்டது என்று அவர் வரைபடத்தின் மேலேயே பென்சிலால் குறித்து வைத்திருந்தார். குறைந்த மாதிரி ஐந்தாவது லாரியுடையது. அந்த லாரி வந்தபோது பம்ப் குழாய் அடைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் காத்து நின்றிருக்கிறது. பம்ப் இயக்குபவரிடம் கோபப்படாமல் கேட்டபோது, கான்கிரீட் இறுகுகிறதே என்று ஓட்டுநர் தண்ணீர் கலந்தது தெரிந்தது. தளத்தில் ஸ்லம்ப் சோதனை முதல் லாரிக்கு மட்டும்தான் செய்திருந்தார்கள். அதனால் யாருக்கும் பிடிபடவில்லை.

28-ஆம் நாள் அந்த மாதிரியின் சராசரி 20.5. விதிப்படி தனி மாதிரி ஒன்று 22-க்குக் கீழே போகக்கூடாது. மூத்த பொறியாளர் கட்டமைப்பு ஆலோசகரைக் கலந்து, கூரையிலிருந்தே உருளைத் துண்டுகள் எடுத்துச் சோதிக்க முடிவு செய்கிறார். எங்கே துளையிடுவது என்ற கேள்விக்கு அந்தப் பென்சில் குறிப்பு பதில் சொன்னது. அது இல்லாவிட்டால் கூரை முழுவதையும் சந்தேகப்பட வேண்டியிருக்கும். குறைந்தது மூன்று துண்டு வேண்டும். கியூப் வலிமைக்கு மாற்றிக் கணக்கிட்டால் சராசரி 25-இல் 85 சதவீதமாவது, அதாவது 21.25 வர வேண்டும். எந்த ஒரு துண்டும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. சராசரி 22.6 வந்தது, மிகக் குறைந்தது 21. கூரை தப்பியது.

இதற்கிடையில் முட்டு மாட்டிக்கொண்டதே! இளையவர் ஏழாம் நாளே அதையும் யோசித்துவிட்டார். கூடுதலாக ஒரு செட் முட்டை வாடகைக்கு எடுத்தால் என்ன செலவாகும், எடுக்காமல் காத்திருந்தால் எத்தனை நாள் போகும் என்று ஒரு பக்கத்தில் கணக்கிட்டுக் கொடுத்தார். மூத்தவர் ஒப்புக்கொண்டார். தாமதம் ஆறு நாளோடு நின்றது.

இப்போது கடிதத்துக்கு வருவோம். இந்தச் சம்பவத்தை "தரக் கட்டுப்பாட்டில் மிகுந்த அக்கறை உள்ளவர்" என்று ஒரே வரியில் எழுதி முடிப்பவர்கள்தான் அதிகம். அதைப் படிக்கும் குழுவினர் வேறு மாநிலத்தில் பாலம் கட்டுபவர்களாகக்கூட இருக்கலாம். இந்தப் பெண்ணை அவர்கள் பார்த்ததே இல்லை. அந்த வரி அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இரண்டாம் தளக் கூரையின் ஒரு மாதிரி ஏழாம் நாள் 13 காட்டியது. முட்டுகளைப் பிரிக்கக்கூடாது என்ற முடிவை என்னைக் கேட்பதற்கு முன்பே இவர் எடுத்தார். அது சரியான முடிவு. பழுதான லாரியையும் அதன் கான்கிரீட் விழுந்த இடத்தையும் இவருடைய பதிவிலிருந்தே கண்டுபிடித்தோம். உருளைத் துண்டு எடுக்கும் முடிவும் ஆலோசகருடனான பேச்சும் என்னுடையவை. கூடுதல் முட்டு வாடகைக்கு எடுக்கும் யோசனையும் கணக்கும் இவருடையவை. மொத்தத் தாமதம் ஆறு நாள். அதன்பின் ஒவ்வொரு லாரிக்கும் ஸ்லம்ப் சோதனை, கையெழுத்தில்லாமல் தண்ணீர் சேர்க்கத் தடை என்ற நடைமுறையை இவர் கொண்டுவந்தார். அடுத்த நான்கு தளங்களில் எந்த மாதிரியும் 25-க்குக் கீழே போகவில்லை."

இந்தப் பத்தியில் எது யாருடைய முடிவு என்று பிரித்துச் சொல்லியிருப்பதுதான் உயிர். எல்லாப் பெருமையையும் இளையவருக்கே எழுதிவிட்டால் அனுபவமுள்ளவர் நம்பமாட்டார். ஒரு சைட் இன்ஜினியர் தனியாகக் கட்டமைப்பு ஆலோசகரோடு முடிவெடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆறு நாள் தாமதத்தையும் மறைக்கக்கூடாது. அது இருப்பதால்தான் மற்ற எண்களும் நம்பும்படி இருக்கின்றன.

இதே காரணத்துக்காக, இவர் இன்னும் செய்யாததையும் கடிதம் சொல்ல வேண்டும். பலர் இதற்குத் தயங்குகிறார்கள், பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்கிறார்கள். இந்தப் பொறியாளர் அளவுப் புத்தகம் எழுதியிருக்கிறார், கம்பிக் கணக்கைச் சரிபார்த்திருக்கிறார். ஆனால் ரன்னிங் பில்லைத் தனியாகத் தயாரித்து வாடிக்கையாளரின் பொறியாளரிடம் வாதாடி வாங்கியதில்லை. துணை ஒப்பந்ததாரரிடம் விலை பேசியதும் இல்லை. அதை அப்படியே எழுதி, முதல் ஆறு மாத பில்களுக்கு அனுபவமுள்ள பில்லிங் பொறியாளர் ஒருவர் உடனிருக்கட்டும் என்று சேர்த்தால், குழு பயப்படும் இடத்துக்குக் கடிதமே வழி சொல்லிவிடுகிறது. மறைத்தால் நேர்காணலில் ஐந்தாம் நிமிடம் வெளியே வரும். அப்போது கடிதம் முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

பெண் பொறியாளருக்கு எழுதும்போது இன்னொன்றிலும் கவனம் தேவை. 2003-இல் டிரிக்ஸ், சென்கா என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு ஆசிரியப் பணிக்காக வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்தார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகச் சிறியவையாக இருந்தன. அவற்றில் உழைப்பைப் புகழும் சொற்களும் ஐயத்தைக் கிளப்பும் வரிகளும் கூடுதலாக இருந்தன. அது மருத்துவத் துறை, வேறு நாடு. ஆனாலும் நம் தளங்களில் "பொறுப்பான பொண்ணு, சொன்னதைச் செய்யும்" என்ற பாராட்டைக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. சொன்னதைச் செய்பவர் என்பது சைட் இன்ஜினியருக்கான பாராட்டு. சொல்லாததையும் கண்டு தடுத்தவர் என்று தெரிந்தால்தான் குழு மேல்பதவி கொடுக்கும். முட்டை நிறுத்தியவரைப் பற்றி "கடின உழைப்பாளி" என்று எழுதுவது அவர் எடுத்த முடிவைக் களவாடுவதாகும்.

மற்றவை சிறிய விஷயங்கள். எத்தனை ஆண்டாக, எந்த வேலையில், நேரடி மேலதிகாரியாகவா அல்லது பக்கத்துப் பிரிவிலிருந்தா பார்த்தீர்கள் என்பது முதல் பத்தியில் வர வேண்டும். முடிவில் "பரிசீலிக்கலாம்" என்று நழுவாமல் பரிந்துரைக்கிறேன் என்று எழுத வேண்டும். இரண்டு சம்பவம் போதும், கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மனதாரப் பரிந்துரைக்க முடியாதென்றால் அதை இளையவரிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது. அவருக்கு வேறு ஒருவரைக் கேட்க நேரம் கிடைக்கும்.

மூத்த பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கடிதம் கேட்டு வரும் இளையவரை எழுதி வரச் சொல்லாதீர்கள். கியூப் பதிவேடு, தள நாட்குறிப்பு, உங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றை எடுத்து வரச் சொல்லி ஒரு மணி நேரம் உடன் உட்காருங்கள். பிறகு கடிதத்தை நீங்களே எழுதுங்கள்.