முன் அட்டையை நம்பி நோட்டு வாங்காதீர்கள்

ஜூன் மாதம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வரும். மேஜை மேல் ஒரு நோட்டு, கீழே ஒரு வரி: 'இதே நோட்டு இரண்டு வாங்கி நாளை கொடுத்து அனுப்பவும்.' கடையில் அந்தப் படத்தைக் காட்டினால், அதே அட்டை போட்ட நோட்டு கிடைத்தும் விடும். மறுநாள் குழந்தை அதைத் திருப்பிக் கொண்டு வரும். வெளியே அதே அட்டை, உள்ளே மட்டும் கட்டத்துக்குப் பதில் கோடு.

இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. ஒரே அட்டைப் படத்தை நிறுவனங்கள் பல வகை நோட்டுகளுக்குப் போடுகின்றன. ஒற்றைக் கோடு, தமிழ் எழுதிப் பழக இரட்டைக் கோடு, ஆங்கிலத்துக்கு நாலு கோடு, கணக்குக்குக் கட்டம், கோடில்லாதது என எல்லாவற்றுக்கும் வெளியில் ஒரே பூவோ ஒரே புலியோ இருக்கலாம். அதே வகை நோட்டுக்கு அடுத்த சரக்கில் வேறு படம் வரலாம். ஆசிரியருக்கு வேண்டியது அளவு, கோடு, பக்கம் என்ற மூன்றுதான். இவை மூன்றும் பெரும்பாலும் பின் அட்டையில் விலைக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். நமக்கு வரும் படமோ எப்போதும் முன் அட்டைதான்.

கூகுள் லென்ஸ் போன்ற படத் தேடலும் இங்கேதான் தடுக்கி விழுகிறது. அட்டையில் இருக்கும் சித்திரத்தை அது சரியாகவே பிடித்துவிடும். அந்த நோட்டு எந்தக் கோட்டில் வேண்டும் என்பது சித்திரத்தில் இல்லை. சிவகாசியில் அச்சாகி ஊர்க் கடைகளுக்குப் போகும் நோட்டுகளில் பல இணையக் கடைகளில் இருப்பதில்லை. பள்ளியே தன் சின்னத்தோடு அச்சடித்த நோட்டும் அப்படித்தான். அவற்றைத் தேடினால் நிறம் ஒத்துப்போகும் ஏதோ ஒன்றைக் காட்டும். ஆகவே தேடும்போது முழுப் படத்தையும் கொடுக்காமல், நிறுவனப் பெயர் உள்ள இடத்தை மட்டும் வெட்டிக் கொடுங்கள். பெயர் தெரிந்தால் போதும், மீதியைப் படத்திலிருந்தே அளந்து எடுக்கலாம்.

அளவை எடுத்துக்கொள்வோம். நோட்டின் உண்மையான நீளம் படத்தில் தெரியாது. ஆனால் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் நேராக எடுத்த படத்தில் மாறாது. பரவலாகக் கிடைக்கும் சின்ன நோட்டு 19 செ.மீ. நீளம், 15.5 செ.மீ. அகலம். நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.23 வரும். நடுத்தர நோட்டு 24க்கு 18, விகிதம் 1.33. ஏ4 அளவுப் பெரிய நோட்டு 29.7க்கு 21; விகிதம் 1.41. இவை தவிர ஏறக்குறைய 27க்கு 17 அளவில் ஒடுங்கிய நீள நோட்டு ஒன்றும் உண்டு. அதன் விகிதம் 1.6. கடையில் 'லாங் சைஸ்' என்று கேட்டால் கடைசி இரண்டில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். அதனால் பெயரைச் சொல்லாமல் செ.மீ. கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் வகுப்புக் குழுவில் இரண்டு படங்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஒன்று முன் அட்டை, மற்றொன்று உள்பக்கம். செல்போன் திரை மேலேயே அளவுகோலை வைத்து அட்டையை அளக்கிறோம். நீளம் 8 செ.மீ., அகலம் 6 செ.மீ. வகுத்தால் 1.33. ஆக இது 24க்கு 18 நோட்டு. உள்பக்கத்தில் கட்டங்கள் இருக்கின்றன. அவை எத்தனை பெரியவை? அதற்கு அளவுகோல் தேவையில்லை, எண்ணினாலே போதும். பக்கத்தின் அகலம் 18 செ.மீ. என்று இப்போது தெரியும். குறுக்கே 17, 18 கட்டங்கள் வந்தால் ஒரு கட்டம் 1 செ.மீ.; 25 வந்தால் 7 மி.மீ.; 35, 36 வந்தால் 5 மி.மீ. சின்னக் குழந்தைகள் ஒரு கட்டத்துக்கு ஒரு எண் எழுதுவார்கள் என்பதால் இந்த வித்தியாசம் அவர்களுக்குப் பெரியது. 5 மி.மீ. கட்டத்தில் இரண்டாம் வகுப்புக் கை திணறிப்போகும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது சாய்வாக எடுத்த படம். உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்தால் நோட்டின் தூரத்து விளிம்பு சுருங்கும், நீளமும் குறைந்து தெரியும்; பெரிய நோட்டு நடுத்தர நோட்டு போலக் கணக்கில் வந்துவிடும். கண்டுபிடிப்பது எளிது: படத்தில் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் விகிதத்தை நம்பக் கூடாது. அப்போது வேறு படம் கேட்பதே வழி.

பக்க எண்ணிக்கையை முன்பக்கப் படத்திலிருந்து சொல்லவே முடியாது. நோட்டின் ஓரம் தெரிந்தால் உத்தேசமாகச் சொல்லலாம்: 200 பக்கம் என்றால் 100 தாள், சாதாரண நோட்டுத் தாளில் அது அட்டை நீங்கலாக முக்கால் செ.மீ. அளவுக்கு வரும். 180 பக்கமா 200 பக்கமா என்று இதை வைத்துப் பிரிக்க இயலாது. ஆசிரியருக்கும் பெரும்பாலும் அது முக்கியமில்லை.

ஜாமெட்ரி பாக்ஸ் கதை வேறு. மூடியில் கார்ட்டூன் இருந்தால் படத் தேடல் அதையே பிடித்துக்கொண்டு அதே கார்ட்டூன் போட்ட பையையும் தண்ணீர் பாட்டிலையும் கொண்டு வந்து நிறுத்தும். கேம்லின், நடராஜ், அப்சரா, டாம்ஸ் எதுவானாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றே: கவராயம், டிவைடர், பாகைமானி, இரண்டு மூலைமட்டம், 15 செ.மீ. அளவுகோல். வகுப்பு வேலைக்கு மூடியை ஒத்துப் பார்க்கத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். பார்க்க வேண்டியது கவராயத்தைத்தான். பென்சில் செருகித் திருகும் வளையம் உள்ள கவராயமா, சிறு முனை மட்டும் பொருத்துவதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முனை பொருத்தும் வகையில் முனை தீர்ந்தால் அதே தடிமனில் மாற்று முனை தேட வேண்டும். வளையம் உள்ளதில் வீட்டில் இருக்கும் பென்சிலே போதும். பெட்டி எவ்வளவு நீளம் என்றும் திறந்த படத்திலேயே தெரியும். உள்ளே கிடக்கும் அளவுகோலில் 0 முதல் 15 வரையிலான கோடுகளை மட்டும் அளந்து ஒப்பிடுங்கள். முழு அளவுகோலையும் அளந்தால் தப்பாகும். இரு முனையிலும் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் அதைச் செய்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் பார்கோடுக்குக் கீழே இருக்கும் 13 இலக்க எண். அட்டை ஒன்றாக இருந்தாலும் கோடோ பக்கமோ அளவோ மாறினால் இந்த எண்ணும் மாற வேண்டும் என்பதே முறை. இந்திய நிறுவனங்களின் எண் பெரும்பாலும் 890 என்று தொடங்கும். கோடுகள் மங்கியிருந்தாலும் எண் வாசிக்க முடிந்தால் அதையே தட்டித் தேடலாம். கடைக்காரரும் கையில் எடுத்த நோட்டோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

ஆகவே குழுவில் கேட்பதென்றால் இப்படிக் கேளுங்கள்: "மிஸ், பின் அட்டையும் உள்பக்கம் ஒன்றும் நேர் மேலிருந்து படம் எடுத்து அனுப்ப முடியுமா?" வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கி, பொடி எழுத்து கலங்கிவிடும். அதையே டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருங்காமல் வந்து சேரும், எண் தெளிவாகத் தெரியும். வேறொரு பெற்றோர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மறுபடி அனுப்பிய படத்தில் எதையும் படிக்க முடியாது. முதலில் வந்த படத்தையே தேடி எடுங்கள்.