சொட்டுவது கீழே, கசிவது மேலே: டிரான்ஸ்பார்மர் ஆயில் லீக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காலை 9 மணிக்குப் போகும் கரண்ட், மதியம் வந்துவிடும் என்று மெசேஜ் வரும். அந்தச் சில மணி நேரத்தில் துணை மின் நிலையத்துக்குள் நடக்கும் வேலைகளில் ஒன்று, டிரான்ஸ்பார்மரில் ஆயில் கசிவை அடைப்பது. கேட்க சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனால் கசியும் இடத்தைத் தப்பாகக் கணித்துவிட்டால், அடுத்த வாரம் இன்னொரு பவர் கட் நிச்சயம்.

டிரான்ஸ்பார்மர் ஆயிலுக்கு இரண்டு வேலை. உள்ளே இருக்கும் காயிலைக் குளிர வைக்க வேண்டும், மின்சாரம் தாவாமல் தடுக்கவும் வேண்டும். சூடான ஆயில் மேல் குழாய் வழியாக ரேடியேட்டருக்குள் போய், ஆறி, கீழ்க் குழாய் வழியாகத் திரும்பும். இந்தக் குழாய்கள் சேரும் ஃபிளாஞ்ச் இணைப்புகளுக்கு நடுவில் கேஸ்கட் இருக்கும். ரப்பரோ, ரப்பர் கலந்த கார்க்கோ. பல வருட வெயிலிலும் சூட்டிலும் அது இறுகி, வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கும். அங்கேதான் ஆயில் வழி கண்டுபிடிக்கிறது.

110/11 கேவி டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது ரேடியேட்டருக்குக் கீழே ஜல்லி நனைந்திருக்கிறது. பார்ப்பவர் எல்லோரும் கீழ் ஃபிளாஞ்சைத்தான் கை காட்டுவார்கள். அங்கேதானே சொட்டுகிறது? ஆனால் ஆயில் உலோகத்தை ஒட்டியே வழியும். மேல் இணைப்பில் கசிந்தது, ரேடியேட்டர் தகடு வழியாக இறங்கி, கீழ் போல்ட்டின் நுனியில் வந்து சொட்டும். தூசு படிந்த பழைய ஆயில் கறை வேறு குழப்பும்.

இதற்கு வழி ரொம்ப எளிமையானது. சப்ளையை நிறுத்தி, எர்த் செய்த பிறகு, சந்தேகமுள்ள பகுதி முழுவதையும் துணியால் துடைத்துக் காய வைக்கிறார்கள். பிறகு மேலிருந்து கீழ் வரை எல்லா இணைப்புகளிலும் சாக்பீஸ் தூளைத் தூவுகிறார்கள். மறுபடி சார்ஜ் செய்து, வேலிக்கு வெளியே நின்று கவனிக்கிறார்கள். சூடானால் ஆயில் இளகும் என்பதால், காலையில் ஒன்றும் தெரியாமல் சாயங்கால லோடில் கோடு தெரியலாம். வெள்ளைத் தூளில் ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ, அந்த உச்சிப் புள்ளிதான் ஆளு. நம் உதாரணத்தில் அது மேல் ஃபிளாஞ்ச்.

சரி, போல்ட்டை டைட் பண்ணினால் போதாதா? கேஸ்கட் இன்னும் மென்மையாக இருந்தால் எதிரெதிர் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பார்க்கலாம். இறுகிப்போன கேஸ்கட்டில் அது எடுபடாது. இன்னும் முறுக்கினால் கேஸ்கட் நசுங்கிப் பிளக்கும், ஃபிளாஞ்ச் வளையும், ஒரு லீக் இரண்டாகும். களத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தக் கேஸ்கட் வால்வுக்கு எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும். வால்வுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் என்றால் நிம்மதி: மேல், கீழ் வால்வுகளை மூடி, அந்த ரேடியேட்டர் ஆயிலை மட்டும் சுத்தமான, உலர்ந்த டிரம்மில் இறக்கலாம். மேலே ஏர் பிளக்கைத் திறக்காவிட்டால் ஆயில் சரியாக இறங்காது. வால்வுக்கும் டேங்குக்கும் நடுவில் என்றால் கதை வேறு. டேங்க் ஆயிலையே அந்த இணைப்புக்குக் கீழே இறக்க வேண்டும். அது அரை நாளில் முடியாது. வால்வை மூடியும் டிரெய்ன் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருந்தால், வால்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது ஃபிளாஞ்சைத் திறக்கவே கூடாது.

ரேடியேட்டரை கிரேனில் தாங்கிய பிறகுதான் போல்ட்டுகளைக் கழற்றுகிறார்கள். இறக்கிவிட்டதால் கீழ் கேஸ்கட்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். பழைய துணுக்குகளைக் கீறல் விழாமல் சுரண்டி, புது கேஸ்கட்டை நடுவில் பொருத்தி, எதிரெதிர் போல்ட்டுகளைப் பல சுற்றுகளாக இறுக்குகிறார்கள். 6 மி.மீ. கார்க் கேஸ்கட் சுமார் 4 மி.மீ. வரை அமுங்கினால் போதும்.

நிரப்புவதிலும் வரிசை முக்கியம். முதலில் கன்சர்வேட்டரில் வடிகட்டிய ஆயிலைச் சேர்க்கிறார்கள். இல்லையென்றால் காலி ரேடியேட்டர் ஆயிலை இழுத்து, மட்டம் இறங்கி, புக்ஹோல்ஸ் ரிலே அலறும். பிறகு கீழ் வால்வை மெதுவாகத் திறக்க, ஆயில் கீழிருந்து ஏறிக் காற்றை வெளியே தள்ளும். ஏர் பிளக்கில் குமிழி இல்லாமல் ஆயில் வந்ததும் அதை மூடி, மேல் வால்வைத் திறக்கிறார்கள். ரிலேயிலும் காற்றை வெளியேற்றி, ஆயிலின் மின்தாங்கு திறனைச் சோதித்து, சில மணி நேரம் அடங்க விட்ட பிறகே சார்ஜ்.

தகட்டில் ஊசித்துளை என்றால் எபாக்ஸி பூசி நாள் கடத்தலாம், தற்காலிகமாக மட்டும். வெல்டிங் என்றால் ரேடியேட்டரைக் கழற்றி, ஆயில் ஆவி துளியும் இல்லாமல் சுத்தம் செய்த பிறகுதான். அதுவரை இரண்டு வால்வையும் மூடி, அந்த இடத்தை பிளாங்க் தகடு போட்டு அடைத்து, மற்ற ரேடியேட்டர்களை வைத்தே ஓட்டுவார்கள். கூலிங் குறையும் என்பதால் லோடையும் குறைப்பார்கள், ஆயில் டெம்பரேச்சர் மீட்டரில் ஒரு கண் வைத்தபடி.